பையரின் அஞ்சலுக்கு 39 நாளாகப் பதில் போடவில்லை: மன்னிப்பையும் விலையையும் எப்படி எழுதுவது?

நொய்யல்கரை | நவம்பர் 17, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நான் செய்த தவறு ஒன்றைச் சரிசெய்ய வழி கேட்டு இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இருக்கும் ஒரு பையர் இரண்டு ஆண்டுகளாக எங்களுக்கு ஆர்டர் கொடுத்து வருகிறார். அவரிடமிருந்து அக்டோபர் 9-ஆம் தேதி ஓர் அஞ்சல் வந்தது. 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியில் வட்டக்கழுத்து டி-ஷர்ட்; வெள்ளை, நேவி, ஆலிவ் ஆகிய மூன்று நிறங்களில் நிறத்துக்கு 2,000 வீதம் 6,000 பீஸ். சாதாரணப் பருத்திக்கு 3.10 டாலர் என்று செப்டம்பரிலேயே விலை கொடுத்திருந்தோம். அதையே ஆர்கானிக் பருத்தியில் செய்தால் என்ன விலை, ஜனவரி 31-க்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்க முடியுமா, எம் அளவில் ஒரு சாம்பிள் எப்போது கிடைக்கும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்.

அன்றே மில்லில் ஆர்கானிக் நூலின் விலையைக் கேட்டேன்; இரண்டு நாளில் சொல்வதாகச் சொன்னார்கள். அது வந்ததும் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் எழுதலாம் என்று வைத்துவிட்டேன். தீபாவளிக்கு முன் ஏற்ற வேண்டிய இரண்டு ஷிப்மென்ட்டுகளின் நெருக்கடி வந்தது. 20-ஆம் தேதி தீபாவளி. தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பப் பத்து நாள் ஆயிற்று. இடையில் 24-ஆம் தேதி பையர், "ஏதாவது தகவல் உண்டா?" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் முழு விவரம் இல்லாமல் எப்படிப் பதில் போடுவது என்று கூச்சமாக இருந்தது. நவம்பர் 3-ஆம் தேதி மில் விலையைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நான் எழுதாமல் இருந்ததற்கு அந்தக் கூச்சத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. முதலாளிக்கு இன்னும் இது தெரியாது.

நேற்றிரவு எழுதி வைத்த வரைவின் சாரம் இது. உண்மையான அஞ்சல் ஆங்கிலத்தில் போகும்.

"தங்கள் மேலான அஞ்சலுக்குச் சிறிது தாமதமாகப் பதில் அளிக்க நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். பண்டிகை விடுமுறை, தொழிலாளர் பற்றாக்குறை, நூல் விலையில் ஏற்பட்ட மாற்றங்கள், எதிர்பாராத பணிச்சுமை ஆகியவற்றால் உரிய நேரத்தில் எழுத இயலவில்லை. எங்கள் சூழ்நிலையைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறோம். இந்த ஆர்டர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்காது என்றும் நம்புகிறோம். தாங்கள் இன்னும் ஆர்வமாக இருந்தால் தெரிவிக்கவும். உடனே விலையை அனுப்பி வைக்கிறோம்."

இதை அனுப்பலாமா?

---

கரூர்த் தறி | நவம்பர் 17, காலை 10.05

பையர் ஒரு மாதத்துக்கு மேல் பதில் போடாமல் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது, தம்பி. முதலில் பாக்கி எவ்வளவு என்று கணக்கு அறிக்கை அனுப்புங்கள். வாரம் ஒரு நினைவூட்டல் போக வேண்டும். நாங்கள் வீட்டு உபயோகத் துணி அனுப்பும் ஒரு வாடிக்கையாளர் இப்படித்தான் இரண்டு மாதம் மௌனமாக இருந்தார். கடைசியில் அவருடைய வங்கி மூலமாகத்தான் ஆளைப் பிடித்தோம்.

---

ஏற்றுமதிக்காரர் | நவம்பர் 17, காலை 10.50

மன்னிப்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பியர்களுக்குச் சுற்றி வளைத்து எழுதுவது பிடிக்காது. விலையையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். கட்டாயம் ஒரு காரணம் சொல்ல வேண்டுமென்றால், அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டது, இன்றுதான் பார்த்தோம் என்று ஒரு வரி போதும், யாரும் அதைச் சரிபார்க்கப் போவதில்லை. அதோடு விலையில் 10 சென்ட் குறைத்துக் கொடுங்கள். தாமதம் தானாக மறந்துபோகும்.

---

நொய்யல்கரை | நவம்பர் 17, காலை 11.20

கரூர்த் தறி ஐயா, பதில் போடாமல் இருந்தது பையர் இல்லை, நான். அவரிடம் எங்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை.

ஏற்றுமதிக்காரர் ஐயா, ஸ்பாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது போக, அக்டோபர் 30-ஆம் தேதி இதே பையரின் வேறொரு ஆர்டருக்கான ஷிப்பிங் ஆவணங்களை அவருடைய அலுவலகத்துக்கு நான்தான் அனுப்பினேன். அவருக்கும் நகல் போயிருக்கிறது.

---

பழைய மெர்ச்சண்டைசர் | நவம்பர் 17, பகல் 12.35

தம்பி, 26 வருடம் இதே வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அஞ்சலைத் தொடுவதற்கு முன் முதலாளியின் அறைக்குப் போங்கள். பையர் உங்கள் அஞ்சலைப் படித்துவிட்டு நேராக முதலாளிக்குப் போன் செய்தால், அவர் இந்த விஷயத்தை முதன்முதலாக ஒரு வெளியாளிடமிருந்து கேட்க வேண்டியிருக்கும். அதைவிட மோசமான நிலை உங்களுக்கு இல்லை. மேலும் புதிய தேதியையும் விலையையும் உறுதி சொல்லும் அதிகாரம் அவருடையது.

இப்போது உங்கள் வரைவு. அதில் பெரிய குறை மன்னிப்பு கேட்டிருப்பது அன்று. அவருடைய மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லாததுதான். 39 நாள் காத்திருந்த மனிதரை, "ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், பிறகு விலை தருகிறோம்" என்று மறுபடியும் காத்திருக்கச் சொல்கிறீர்கள். நூல் விலை உங்கள் மேசையில் இரண்டு வாரமாக இருக்கிறது. விலையை இந்த அஞ்சலிலேயே கொடுங்கள்.

அடுத்தது, "சிறிது தாமதமாக" என்ற சொல். அவருடைய திரையில் அக்டோபர் 9 என்ற தேதி உங்கள் பதிலுக்குக் கீழேயே தெரியும். இது சிறிது இல்லை என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே தேதியையும் நாள் கணக்கையும் நீங்களே எழுதுங்கள். அந்த 24-ஆம் தேதி அஞ்சலையும் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒருவர் இரண்டாம் முறை கேட்டும் பதில் இல்லை என்பதுதான் அவரை அதிகம் புண்படுத்தியிருக்கும்.

காரணங்களில் நான்கு அடுக்கியிருக்கிறீர்கள். நான்கு காரணம் சொன்னால் ஒன்றும் உண்மை இல்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். தொழிலாளர் பற்றாக்குறை என்ற சொல் இன்னொரு கேட்டையும் செய்கிறது: ஆள் இல்லாத கம்பெனிக்கு 6,000 பீஸை எப்படி நம்பிக் கொடுப்பது என்று அவர் யோசிப்பார். நடந்தது ஒன்றுதான். நூல் விலை வரட்டும் என்று முழுப் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். இடையில் ஒரு வரித் தகவல்கூடத் தரவில்லை. அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

ஏற்றுமதிக்காரர் சொன்னதில் சுருக்கமாக எழுத வேண்டும் என்பது சரி. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் விலையை மட்டும் எழுதினால், அவர் கேட்டதை நாம் பொருட்படுத்தவே இல்லை என்று ஆகும். ஸ்பாம் கதை வேண்டாம். அக்டோபர் 30 அஞ்சலே அதைப் பொய் என்று காட்டிவிடும். 10 சென்ட் குறைப்பும் கூடாது. கேட்காமலே குறைத்தால், முதலில் கொடுத்த விலையில் அவ்வளவு கொழுப்பு இருந்ததா என்று அடுத்த ஆர்டர் முழுவதும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

தேதிதான் எனக்குக் கவலை. ஜனவரி 31 இன்னும் முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

---

நொய்யல்கரை | நவம்பர் 17, பிற்பகல் 3.15

அண்ணா, மதியம் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கோபப்பட்டார், பிறகு உட்கார்ந்து என்னோடு கணக்குப் போட்டார்.

பையர் நவம்பர் 24-ஆம் தேதி உறுதி செய்கிறார் என்று வைத்துக்கொண்டோம். லேப் டிப் ஒப்புதல், நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பி.பி. சாம்பிள், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 80 நாள் ஆகும். அது பிப்ரவரி 12. பொங்கலுக்கு ஒரு வாரம் வேலை நிற்கும் என்பதால் பிப்ரவரி 19. எனவே முழு ஆர்டரும் ஜனவரி 31-க்கு முடியாது.

வெள்ளையை மட்டும் தனியே எடுத்தால் லேப் டிப்புக்கான பத்து நாள் இல்லை. பிளீச்சிங் என்பதால் டையிங்கில் நான்கு நாள் மிச்சம். 2,000 பீஸ்தான் என்பதால் தையலில் ஆறு நாள் மிச்சம். 60 நாளும் பொங்கல் வாரமும் சேர்த்தால் ஜனவரி 30 வருகிறது. வெள்ளை ஜனவரி 31-க்கு, மற்ற இரண்டு நிறங்களும் பிப்ரவரி 20-க்கு என்று எழுதலாமா? அவர் கேட்ட தேதியில் ஒரு பகுதியாவது போகும் அல்லவா?

---

பழைய மெர்ச்சண்டைசர் | நவம்பர் 17, பிற்பகல் 3.50

எழுதாதீர்கள். 60 நாள் வேலையில் ஒரே ஒரு நாள் இடைவெளி என்றால் அது தேதியே இல்லை. காம்பாக்டிங்கில் ஜி.எஸ்.எம். குறைந்து ஒரு லாட்டைத் திரும்பப் போட்டாலே மூன்று நாள் போய்விடும். அஞ்சலில் தாமதம் செய்தவர்கள் சரக்கிலும் தாமதம் செய்தால், இந்தப் பையருக்கு நீங்கள் எழுதும் இரண்டாவது மன்னிப்பு எடுபடாது. வெள்ளைக்கு பிப்ரவரி 6 என்று எழுதுங்கள். ஜனவரி 31-க்கு முடியாது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அக்டோபர் 9-ஆம் தேதியே பதில் போயிருந்தால் அது முடிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை நீங்களே ஒப்புக்கொள்வதுதான் இங்கே உண்மையான மன்னிப்பு.

---

சென்னை பையிங் ஆபீஸ் | நவம்பர் 17, மாலை 5.30

நான் 12 வருடமாக மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவள். சப்ளையர்களிடமிருந்து இப்படிப்பட்ட தாமதமான அஞ்சல்களைப் பெறுபவள். பையரின் பக்கத்தில் இந்த 39 நாளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

முதல் வாரம் அவர் காத்திருப்பார். இரண்டாம் வாரம் ஒரு நினைவூட்டல் அனுப்புவார். உங்களுக்கு வந்த 24-ஆம் தேதி அஞ்சல் அதுதான். மூன்றாம் வாரம், அவருக்கு மேலே இருப்பவர் பட்டியலைப் பார்த்து இந்த ஸ்டைல் ஏன் இன்னும் உறுதியாகவில்லை என்று கேட்டிருப்பார். அப்போது அவர் வேறு இருவரிடம் விலை கேட்டிருப்பார். அதனால் உங்கள் அஞ்சல் போய்ச் சேரும் வேளையில் ஆர்டர் முழுதாகப் போயிருக்கலாம், பாதி போயிருக்கலாம், அப்படியே இருக்கலாம். வேறு யாருக்கும் போயிருக்காது என்று நம்புகிறோம் என்று எழுதினால், போயிருந்தால் அவர்தான் குற்றவாளி போலப் பதில் எழுத வேண்டி வரும். பெரும்பாலும் எழுதவே மாட்டார். அதற்குப் பதிலாக, "நீங்கள் இதை வேறு இடத்தில் கொடுத்திருந்தால் அது முழுக்க நியாயம், ஒரு சொல் தெரிவித்தால் கோப்பை மூடிவிடுகிறோம்" என்று வழியைத் திறந்து விடுங்கள். வழி திறந்திருந்தால் மனிதர்கள் பதில் எழுதுவார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் விலை அந்தப் பையரோடு நிற்காது. அவர் அதைத் தன் மேலாளருக்கு அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். மன்னிப்பும் விலையும் ஒரே பத்தியில் கலந்திருந்தால், அவர் தன் மேலாளருக்கு உங்கள் தவறையும் சேர்த்து அனுப்ப வேண்டியதாகிறது. அல்லது எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டியதாகிறது. மன்னிப்பு அஞ்சலில் இருக்கட்டும். விலை, அளவு, தேதி, விலை எந்த நாள் வரை செல்லும் என்பது எல்லாம் தனியாக ஒரு பக்கம். அதை இணைத்து அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தேதிகளோடு வார எண்ணையும் எழுதுங்கள். ஜெர்மானியர்கள் வார எண்ணில்தான் திட்டமிடுகிறார்கள். பிப்ரவரி 6 என்பது 6-ஆம் வாரம், பிப்ரவரி 20 என்பது 8-ஆம் வாரம்.

வெள்ளையைத் தனியாக அனுப்புவதைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. விலை எஃப்.ஓ.பி. என்பதால் கப்பல் செலவு அவருடையது. இரண்டு தடவை அனுப்பினால் அங்கே கையாளும் கட்டணமும் இரண்டு தடவை. இரண்டு வார லாபத்துக்காக அதை ஏற்பாரா என்று தெரியவில்லை. ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடலாம். இரண்டு வழிகளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

---

ஏற்றுமதிக்காரர் | நவம்பர் 17, மாலை 6.10

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? போனை எடுத்துப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

---

சென்னை பையிங் ஆபீஸ் | நவம்பர் 17, மாலை 6.25

இதில் நான் மாறுபடுகிறேன். ஒரு மாத மௌனத்துக்குப் பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் போன் வந்தால், அவர் விலையும் கோப்பும் கையில் இல்லாமல் பேச வேண்டியிருக்கும். கோபத்தில் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து திரும்பி வருவது அவருக்கே கடினம். அஞ்சல் முன்னால் போகட்டும்.

---

பழைய மெர்ச்சண்டைசர் | நவம்பர் 17, இரவு 8.00

நான் போன் பக்கம். இரண்டு வருடப் பழக்கம் உள்ள பையர் என்றால், அஞ்சல் போன அன்று மாலையே முதலாளி ஒரு முறை கூப்பிட வேண்டும். முன்பின் தெரியாதவர் என்றால் அம்மா சொல்வது சரி.

---

மதுரைக் கணக்கர் | நவம்பர் 17, இரவு 9.15

துறை வேறு என்றாலும் என் அனுபவம் ஒன்றைப் பதிவு செய்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் என் வாடிக்கையாளர் ஒருவர் தமக்கு வந்த ஜிஎஸ்டி அறிவிப்பை எனக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தார். கணக்கில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் `ASMT-10` படிவம் அது; பதிலுக்கு 30 நாள் கெடு. நான் அஞ்சலைத் திறந்தது 36-ஆம் நாள்.

நான் செய்த தவறு, பதறிப்போய் உடனே அரைப் பக்கம் மன்னிப்பு எழுதி அனுப்பியது. கெடு தாண்டிவிட்டது என்பதையோ, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பதையோ அதில் சொல்லவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு, ஏதோ பதில் தாமதம், வேறொன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அதிகாரியிடமிருந்து அடுத்த கடிதம் வந்தபோதுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. என் தாமதத்தைவிட, அதனால் விளைந்ததை நான் சொல்லாமல் விட்டதுதான் அவரைக் கோபப்படுத்தியது. பிறகு நேரில் போய், பதிலைத் தயாரித்து, அலுவலகத்தில் நானே ஆஜராகி முடித்துக் கொடுத்தேன். அந்த வேலைக்குக் கட்டணம் வாங்கவில்லை.

ஆகவே தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு உண்மையில் பணமோ உரிமையோ போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால், என்ன போயிற்று என்பதை அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகிய வேலை என்றால் எழுத்தில் ஒப்புக்கொள்வதன் விளைவையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உங்களுடையது இன்னும் விலை கேட்கும் கட்டம் என்பதால் அந்தச் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை.

---

நொய்யல்கரை | நவம்பர் 18, காலை 10.30

நேற்று எல்லோரும் சொன்னதை வைத்துத் திருப்பி எழுதியிருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"நீங்கள் அக்டோபர் 9-ஆம் தேதி மூன்று கேள்விகள் கேட்டீர்கள், 24-ஆம் தேதி மறுபடியும் கேட்டீர்கள். இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை; இன்றோடு 40 நாள் ஆகிறது. நூல் விலை வந்த பின் முழுப் பதிலாக எழுதலாம் என்று காத்திருந்தேன்; இடையில் உங்களுக்கு ஒரு தகவலும் தராமல் விட்டது என் தவறு. மன்னிக்க வேண்டும்.

இந்தத் தாமதத்தால் ஜனவரி 31 என்ற உங்கள் தேதி இப்போது எங்களால் முடியாததாகிவிட்டது. இன்று எங்களால் உறுதி சொல்ல முடிந்தவை: ஆர்கானிக் பருத்தியில் விலை 3.42 டாலர், மூன்று நிறங்களும் சேர்த்து பிப்ரவரி 20, அதாவது 8-ஆம் வாரம், விரும்பினால் வெள்ளையை மட்டும் பிப்ரவரி 6, அதாவது 6-ஆம் வாரம் தனியாக அனுப்பலாம். எம் அளவு சாம்பிள் எங்கள் செலவில் நவம்பர் 25-ஆம் தேதி கூரியரில் புறப்படும். விவரம் இணைப்பில் ஒரு பக்கத்தில் உள்ளது.

இந்தத் தேதிகள் நிற்க நவம்பர் 24-க்குள் உங்கள் முடிவு தேவை. ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்திருந்தால் அது முழுக்க நியாயம். ஒரு சொல் எழுதினால் போதும்."

விலையில் ஒரு குழப்பம் இருக்கிறது. நூல் விலை மாதம் பிறந்தால் மாறும். டிசம்பரில் ஏறினால் என்ன செய்வது? விலை எத்தனை நாள் செல்லும் என்று எழுதுவது?

---

பழைய மெர்ச்சண்டைசர் | நவம்பர் 18, காலை 11.05

நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தம்.

விலைக்கு முதலில். 180 ஜி.எஸ்.எம். டி-ஷர்ட் ஒன்றுக்கு வேஸ்டேஜ் சேர்த்து கால் கிலோ நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் பீஸுக்கு ஒன்றேகால் ரூபாய். ஒன்றரை சென்ட்கூட ஆகாது. 6,000 பீஸுக்கு 7,500 ரூபாய். அதற்காக விலைக் கெடுவை இறுக்காதீர்கள். டிசம்பர் 5 வரை இந்த விலை நிற்கும் என்று எழுதுங்கள். கேட்காத தள்ளுபடியைவிட, நிற்கும் என்று சொன்ன விலை நிற்பது அவருக்கு அதிகம் பயன்படும்.

இரண்டாவது, "24-க்குள் உங்கள் முடிவு தேவை" என்பது. 40 நாள் நீங்கள் எடுத்துக்கொண்டு அவருக்கு ஆறு நாள் கெடு கொடுப்பது சரியில்லை. "24-க்குள் உறுதியானால் மேற்கண்ட தேதிகள், அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் தள்ளும்" என்று எழுதினால், அதே செய்தி கெடுவாக இல்லாமல் தகவலாகப் போகும்.

மூன்றாவது, அவர் "ஆர்கானிக்" என்று மட்டும்தான் எழுதினாரா? லேபிளில் ஜி.ஓ.டி.எஸ். முத்திரை வேண்டும் என்றால், நூற்பிலிருந்து டையிங், தையல் வரை ஒவ்வொரு இடத்துக்கும் சான்று வேண்டும். லேபிள் வடிவத்தையும் அச்சடிக்கும் முன்பே சான்றிதழ் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு ஒரு வரி சேருங்கள். ஆர்டரைப் பற்றி நீங்கள் யோசித்திருக்கிறீர்கள் என்பதை எந்த மன்னிப்புச் சொல்லையும்விட அந்த ஒரு கேள்வி நன்றாகக் காட்டும்.

அக்டோபர் 24-ஆம் தேதி வந்த அஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். புதிய அஞ்சல் இழை வேண்டாம். ஸ்டைல் எண் தலைப்பில் இருக்கட்டும், அவர் அதை வைத்துத்தான் தேடுவார். அங்கே இப்போது குளிர்கால நேரம், நம்மைவிட நாலரை மணி பின்னால். நம் பகல் 12.30-க்கு அனுப்பினால் அவர் காலை எட்டு மணிக்குப் பார்ப்பார்.

---

சென்னை பையிங் ஆபீஸ் | நவம்பர் 18, காலை 11.40

பழைய இழையிலேயே அனுப்புவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஐந்து வாரத்துக்கு முந்தைய இழை என்றால் சிலர் அதைக் கோப்பில் போட்டு மூடியிருப்பார்கள். "புதிய விலை" என்ற சொல்லைத் தலைப்பின் முன்னால் சேர்ப்பது நல்லது. மற்றபடி அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதில் மறுபடியும் மன்னிப்பு கேட்க வேண்டாம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எனவே டிசம்பர் நடுவுக்குள் தெரியாவிட்டால் இந்த சீசனுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நொய்யல்கரை | நவம்பர் 18, பகல் 12.50

திருத்தங்களோடு 12.30-க்கு அனுப்பிவிட்டேன். ஸ்டைல் எண்ணுக்கு முன்னால் "புதிய விலை" என்று சேர்த்தேன். முதலாளி மாலையில் கூப்பிடுகிறார்.

---

நொய்யல்கரை | நவம்பர் 25, மாலை 4.20

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 18-ஆம் தேதி மாலை முதலாளி கூப்பிட்டபோது பையர் போனை எடுக்கவில்லை. 20-ஆம் தேதி அஞ்சல் வந்தது. மொத்தம் நான்கு வரி. நேவியும் ஆலிவும் நவம்பர் முதல் வாரத்திலேயே வேறொருவருக்குப் போய்விட்டன. வெள்ளை 2,000 பீஸ் இன்னும் கொடுக்கப்படவில்லை. பிப்ரவரி 6 அவருக்குச் சரி. லேபிளில் முத்திரை வேண்டும் என்றும், அதைக் கேட்டது நல்லதாயிற்று என்றும் எழுதியிருந்தார். மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாம்பிள் இன்று மதியம் கூரியரில் புறப்பட்டது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 3.42 டாலர் என்பது 6,000 பீஸுக்குப் போட்ட விலை. 2,000 பீஸுக்கு நிட்டிங்கிலும் பிளீச்சிங்கிலும் செலவு கூடும். முதலாளி கணக்கில் 3.55 வருகிறது. பையர் 3.42 என்றே எடுத்துக்கொண்டு உறுதி கேட்கிறார். இப்போது ஏற்றிக் கேட்கலாமா?

---

பழைய மெர்ச்சண்டைசர் | நவம்பர் 25, மாலை 5.00

இணைத்த பக்கத்தில் விலை 6,000 பீஸுக்கு என்று எழுதியிருந்தீர்களா? எழுதியிருந்தால் கேட்க உரிமை உண்டு. ஆனால் நான் கேட்க மாட்டேன். வித்தியாசம் 260 டாலர். இந்த ஒரு தடவைக்கு அதைக் கம்பெனி ஏற்க வேண்டும்.

---

சென்னை பையிங் ஆபீஸ் | நவம்பர் 25, மாலை 5.45

நான் கேட்பேன். அளவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் விலை மாறும் என்பது எந்தப் பையருக்கும் தெரியும். சொல்லாமல் விழுங்கினால் அடுத்த 2,000 பீஸுக்கும் இதே விலையைத்தான் எதிர்பார்ப்பார். 3.55 என்று எழுதி, இந்த ஆர்டருக்கு மட்டும் 3.42-க்கே செய்து தருகிறோம் என்று அதே வரியில் சொல்லலாம்.

---

நொய்யல்கரை | நவம்பர் 25, மாலை 6.05

எழுதியிருந்தேன், அண்ணா, இணைப்பில் 6,000 பீஸ் என்று இருக்கிறது. இரண்டு கருத்துகளையும் முதலாளியிடம் வைத்திருக்கிறேன். முடிவை அவர் நாளைக் காலையில் சொல்வார். அதுவரை பையரைக் காக்க வைக்க வேண்டாம் என்று, "உங்கள் உறுதி கிடைத்தது, நூலுக்கு இன்று சொல்லிவிட்டோம், விலை பற்றி நாளை பகல் உங்கள் நேரப்படி 12 மணிக்குள் எழுதுகிறேன்" என்று இப்போதே இரண்டு வரி அனுப்பிவிட்டேன்.